16 சதவீதமா, 9 சதவீதமா? இரண்டு இன்ஸ்டா பதிவுகளின் கணக்கு

ஈரோட்டில் ஒரு சேலைக் கடை, இன்ஸ்டாகிராமில் 10,000 ஃபாலோயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் இரண்டு பதிவுகள். ஒன்று, "மூன்று பேரை டேக் செய்தால் சேலை இலவசம்" என்ற போட்டி ரீல். மற்றது, புதுச் சரக்கை ஆறு படங்களில் விலையோடு காட்டும் கரோசல்.

| | ரீல் | கரோசல் |
|---|---|---|
| ரீச் | 20,000 | 2,000 |
| இம்ப்ரெஷன் | 26,000 | 5,000 |
| லைக் | 1,400 | 80 |
| கமென்ட் | 185 | 15 |
| சேவ், ஷேர் | 15 | 85 |

ரீச் என்பது பார்த்த கணக்குகள். இம்ப்ரெஷன் என்பது திரையில் வந்த தடவைகள். இப்போது இன்ஸ்டாகிராம் அந்த இடத்தில் 'வியூஸ்' என்று காட்டுகிறது. ஒருவரே திரும்பப் பார்த்தாலும் அது ஏறும்.

லைக், கமென்ட், சேவ், ஷேர் என்று வந்த அசைவுகளைச் சதவீதமாகச் சொல்லும் எங்கேஜ்மென்ட் ரேட்டில்தான் வில்லங்கம். ரீலுக்கு வந்த 1,600 அசைவுகளை ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்தால் 16%. கரோசலின் 180-ஐ அப்படியே வகுத்தால் 1.8%. ரீல் ஒன்பது மடங்கு ஜெயித்த மாதிரி தெரிகிறது. ஆனால் ரீலைப் பார்த்தவர்களில் குறைந்தது பாதிப் பேர் ஃபாலோயரே இல்லை. அவர்கள் போட்ட லைக்கை ஃபாலோயர் கணக்கால் வகுப்பது, வெளியூர்க்காரர் வைத்த மொய்யை உள்ளூர்த் தலைக்கட்டுக்குப் பங்கு போடுவது போல. ரீச்சால் வகுத்துப் பாருங்கள்: ரீல் 8%, கரோசல் 9%.

சரி, அதோடு கரோசல் ஜெயித்துவிட்டதா? 8-க்கும் 9-க்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் விஷயம். ரீலின் கமென்ட்கள் எல்லாம் டேக் செய்த பெயர்கள்; பரிசு முடிந்ததும் ஆள் கிளம்பிவிடுவார். கரோசலில் "இந்தக் கலர் இருக்கா?", "கூரியர் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். சேவ், ஷேர் இரண்டையும் மட்டும் கூட்டி ரீச்சால் வகுத்தால் கரோசல் 4.25%, ரீல் 0.1%க்கும் கீழே. கடைக்காரர் அடுத்த வாரம் எதைப் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

கரோசலிலும் ஒரு பொறி உண்டு. இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்தால் தலைக்கு 2.5 தடவை. ஆசையாகத் திரும்பி வந்து பார்த்தார்கள் என்று மகிழ வேண்டாம். முதல் படத்தோடு நகர்ந்து போனவருக்கு இன்ஸ்டாகிராமே அடுத்த படத்தை முன்னால் வைத்து மறுபடி காட்டுவதுண்டு. சேவும் கூடவே ஏறியிருந்தால் மட்டும் ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், தினசரி ரீச்சைக் கூட்டி வார ரீச் என்று சொல்லாதீர்கள். திங்களன்று பார்த்தவரே செவ்வாயும் பார்த்திருப்பார். ரீச் சின்னதாக இருந்தால் சதவீதத்தையும் நம்பாதீர்கள். ரீச் 50, லைக் 10 என்றால் 20% வரும். அந்தப் பத்தில் எத்தனை பேர் சொந்தக்காரர்கள் என்று உங்களுக்கே தெரியும்.