நாள் கூலி என்று கூப்பிட்டு பாயிண்ட் கணக்கில் முடிக்கிறார்கள்: வடசென்னை எலக்ட்ரீஷியன், பிளம்பர் கவனத்துக்கு

கான்ட்ராக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மெசேஜ் இதுதான்: "மாதவரம் சைட், ஸ்டில்ட் + 4 மாடி. எலக்ட்ரீஷியன் 1,200, ஹெல்பர் 800, பிளம்பர் 1,300. உடனே தேவை. வாராவாரம் சனிக்கிழமை பேமென்ட்." வியாசர்பாடியிலிருந்து இரண்டு எலக்ட்ரீஷியன், இரண்டு ஹெல்பர் போனோம். கூடவே தெரிந்த பிளம்பர் ஒருவரும் வந்தார்.

சைட் உண்மையானது, வேலையும் உண்மையானது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுவரில் காடி வெட்டி, பைப் போட்டு, மெட்டல் பாக்ஸ் வைக்கிற வேலை. கட்டிங் மிஷின் எங்களுடையது, பிளேடும் நாங்களே வாங்கினோம். செலவுக்கு என்று மெசேஜ் போட்டவர் நடுவில் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார்.

எங்கள் நான்கு பேர் கூலி ஒரு நாளைக்கு 4,000. ஆறு நாளைக்கு 24,000. அட்வான்ஸ் போக 19,000 வர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேறு கணக்கோடு வந்தார். "நாள் கூலியெல்லாம் பேச்சுக்குத்தான்பா, இந்த சைட்ல பாயிண்ட் ரேட். ஒரு பாயிண்ட்டுக்கு லேபர் 280. இப்போ பைப் வேலைதானே முடிஞ்சிருக்கு, கால் பங்கு 70. 150 பாயிண்ட்டுக்கு 10,500." அதில் அட்வான்ஸையும், சாப்பாடு என்று 1,500-ஐயும் கழித்துவிட்டு 4,000தான் வரும் என்றார்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாயிண்ட் ரேட் என்பது காடி வெட்டுவதில் தொடங்கி வயர் இழுத்து ஸ்விட்ச் மாட்டுவது வரை முழு வேலைக்கும் சேர்த்துப் பேசுவது. அதில் உடம்பு நோகிற வேலையும் அதிக நேரம் பிடிப்பதும் முதல் கட்டம்தான். அதைப் பாதி என்று வைத்தாலே 140 வீதம் 21,000 வரும், கிட்டத்தட்ட நாள் கூலிக்கே சமம். பாதியைக் கால் ஆக்கியதில் 10,500 காணாமல் போனது. வயர் இழுப்பதற்கு வேறு ஆளை இதே மாதிரி கூப்பிடுவார். அவர்களிடம் "பைப் வேலைக்கே பாதிக்கு மேல் போயிடுச்சு" என்பார்.

பிளம்பருக்கு வேறு சாக்கு. பாத்ரூம் கணக்காம், பிரஷர் டெஸ்ட் ஆகாமல் ஒரு பாத்ரூமும் முடிந்ததாக எழுத முடியாதாம். டெஸ்ட் பம்பும் எண்ட் கேப்பும் கொண்டுவர வேண்டியதே மெசேஜ் போட்டவர்தான்! கேட்டால், "வரும், வரும்".

சைட் இன்ஜினியரிடம் போனோம். அவர் வேலையைக் கொடுத்தது ஒருவருக்கு, அந்த ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்கு, மெசேஜ் போட்டவர் மூன்றாவது ஆள். இன்ஜினியருக்கு எங்கள் யார் பேரும் தெரியாது. அதற்குள் எங்கள் மிஷினும் டிரில்லும் ஸ்டோர் ரூமில் பூட்டப்பட்டிருந்தன. "கணக்கு முடிச்சிட்டு எடுத்துக்க" என்றார் மெசேஜ் போட்டவர். நாலு பேர் சத்தம் போட்ட பிறகுதான் சாவி வந்தது. சாமானை ராத்திரி சைட்டில் விடாதீர்கள், எவ்வளவு கனமானாலும் சரி.

அந்த 4,000 ரூபாயை ஜிபேயில் போட்டு, "ஃபுல் அண்ட் ஃபைனல்" என்று குறிப்பும் எழுதியிருந்தார். உடனே அவர் நம்பருக்கே "பாக்கி 15,000, இது பாகப் பணம்" என்று பதில் போட்டோம். இப்படிப் போடாமல் விட்டால் பிறகு அந்த ஒரு வரியைத்தான் எங்கேயும் காட்டுவார்கள். வவுச்சரில் கையெழுத்து கேட்டாலும் இதேதான்: "பாகப் பணம்" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவதென்றாலும் முதலில் நிற்கிற கேள்வி, உங்களை வேலைக்கு வைத்தது யார் என்பது. நலவாரிய அட்டை நீங்கள் கட்டுமானத் தொழிலாளி என்று காட்டும். இந்த சைட்டில் யாரிடம் வேலை செய்தீர்கள் என்று காட்டாது. அதற்குத் தினமும் வேலை முடிந்ததும் கூப்பிட்டவர் நம்பருக்கு "இன்று 4 பேர், 3-வது மாடி, காலை 9 முதல் 6 வரை" என்று ஒரு போட்டோவோடு அனுப்புங்கள். அவர் "ஓகே" போட்டாலே அது ஹாஜர் சீட்டு மாதிரி. மூன்று நாள் பதிலே வராவிட்டால், நான்காவது நாள் சைட்டுக்குப் போக வேண்டாம்.

போவதற்கு முன்பே குரூப்பில் எல்லார் முன்னாலும் கேளுங்கள்: நாள் கூலியா, பாயிண்ட்டா? எத்தனை மணி நேரம்? சைட்டில் பில் யார் பெயரில்? நேர்மையான மேஸ்திரி இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். "போன்ல பேசலாம்" என்று நழுவுகிறவரிடம் போகாதீர்கள்.

இதே வாசகம் நம்பர் மாறி, இப்போது கொடுங்கையூர் சைட் என்று சுற்றுகிறது. ரேட்டில் 100 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள்.