கட்டமா, கதையா? ஆலோசகர் தரும் வீட்டுப்பாடம்

மனநல ஆலோசகர் "மனதில் ஓடுவதை எழுதி வாருங்கள்" என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எண்ணப் பதிவு: நிகழ்வு, எண்ணம், உணர்வு, நூற்றுக்கு அதன் அளவு என்று கட்டம் போட்டு அப்போதே குறிப்பது. மற்றது, இரவில் உட்கார்ந்து ஒரு பக்கம் தொடர்ச்சியாக எழுதுவது.

தோழி நம் செய்தியைப் பார்த்துவிட்டாள், பதில் இல்லை. கட்டத்தில் இப்படி வரும்: "மாலை 4 மணி. 'என்னைத் தவிர்க்கிறாள்.' பயம் 80." ஆறு மணிக்குப் பதில் வந்ததும், "பயம் 20, வெட்கம் 50." பயம் குறைந்ததை விட, அந்த இடத்தில் வெட்கம் வந்ததுதான் ஆலோசகருக்குப் பயன்படும் தகவல். இரவில் எழுதினால், முடிவு தெரிந்துவிட்டதால் அந்த 80 "கொஞ்சம் கவலைப்பட்டேன்" என்று சுருங்கிவிடும்.

கட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. "ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தேன்" என்று உணர்வுக் கட்டத்தில் எழுதிவிடுவோம். அது எண்ணம். வருத்தமோ கோபமோதான் உணர்வு.

ஆனால் "அம்மா பேசாமல் இருந்த நாட்களிலும் இதே பயம்" என்ற தொடர்பு கட்டத்துக்குள் வராது, இரவில் எழுதும் பக்கத்தில்தான் வரும். ஆனால் அப்படி எழுதும்போது ஒரே விஷயம் வேறு வேறு சொற்களில் திரும்பி வந்து, மனம் இன்னும் கனத்தால் அது அசைபோடுதல். அங்கேயே நிறுத்திவிடலாம்.

என் தேர்வு: வாரம் முழுக்கக் கட்டம். அப்புறம், சந்திப்புக்கு முந்தைய நாள் எண் மிக உயர்ந்த பதிவை மட்டும் எடுத்து ஒரு பக்கம்.