மூன்று ஆண்டு கவாவும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

வேலை மாற்றலாகி சுவாவுக்குப் புறப்படும் மைத்துனர், "மாமா, அங்கே கவா குடிக்கலாமா?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகள் ஃபிஜியில் குடித்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

கவா என்பது மிளகும் வெற்றிலையும் சேர்ந்த குடும்பத்துச் செடி. லிட்டில் இந்தியாவில் வெற்றிலை வாங்கும் யாருக்கும் அதன் இலை அந்நியமாகத் தெரியாது. வேரைப் பொடித்துத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்தால் சேற்றுநீர் போல ஒன்று வரும். ருசியும் ஏறக்குறைய அதுதான். ஒரு சிரட்டை குடித்ததும் நாக்கு மரத்துப்போகும், பல் மருத்துவர் ஊசி போட்ட மாதிரி. காரணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வேரிலுள்ள கவாலாக்டோன்கள் நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்துவிடுகின்றன.

மூளையில் நடப்பது இன்னும் நுட்பமானது. நரம்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் வந்து அமரும் ஏற்பியை இவை மேலும் இணங்க வைக்கின்றன. டயாசெபாம் செய்வதும் அதைத்தான், ஆனால் அது அமரும் இடம் வேறு. தோள் தளரும், கவலை விலகும், பேச்சு மட்டும் தெளிவாகவே இருக்கும். இந்தத் தெளிவுக்காகவே ஒவ்வொரு மாலையும் பத்துச் சிரட்டை வரை போனேன்.

இரண்டாம் ஆண்டில் முழங்காலில் தோல் மீன்செதில் போல வறண்டு உரிந்தது. அங்கே அதைக் கனிகனி என்பார்கள். நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு குடித்தேன்.

பினாங்கு திரும்பியதும் எடுத்த பரிசோதனையில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி 148. அந்த ஆய்வகத்தின் மேல் எல்லை 60. மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எவ்வளவு மது?" நான் பீர்கூடத் தொடாதவன். அவர் நம்பவில்லை, பக்கத்திலிருந்த மனைவியும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நியாயமாகச் சொன்னால், ஜிஜிடி மட்டும் ஏறினால் கல்லீரல் சிதைந்தது என்று பொருளில்லை. செல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி எனக்குச் சரியாகவே இருந்தது. வட ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்களில் மிகுதியாகக் குடித்தவர்களிடமும் ஜிஜிடி ஏறி, நிறுத்தியபின் இறங்கியது. கல்லீரலே செயலிழப்பது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2002இல் ஜெர்மனி கவா மருந்துகளைத் தடை செய்ததும் அதனால்தான். 2014இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்தச் செயலிழப்புக்குக் காரணம் வேரோடு தண்டுத் தோலும் இலையும் கலந்ததா, பூஞ்சையா, கூடவே குடித்த மதுவா என்ற விவாதம் முடியவில்லை. மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் கவா மந்தமாக்குகிறது. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது தனி ஆபத்து.

குடித்த பானங்களிலேயே சிறந்தது கவாதான். மைத்துனரிடம் வேண்டாம் என்றேன். மீறிக் குடித்தால் கண் மஞ்சளாகிறதா, சிறுநீர் கறுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

நிறுத்தி மூன்று மாதத்தில் ஜிஜிடி 57. அறிக்கையைப் பார்த்த மருத்துவர் மகிழ்ந்து, "குடியை விட்டது நல்லது" என்றார்.