கருவிழியில் பூஞ்சைப் புண்: மணிக்கொரு சொட்டு எத்தனை நாளைக்கு?

சோளத்தோகை கண்ணைக் கீறிவிட்டது. நாலைந்து நாள் உறுத்தலோடு ஓட்டியபின் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. ஸ்லிட் லாம்பில் பார்த்தால் திட்டின் விளிம்பு இறகு பிரிந்தாற்போல் இருக்கிறது. சுரண்டி எடுத்த துணுக்கில் பூஞ்சை இழைகள். கருவிழிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் நோயாளி இவர். இவருக்கு எந்தச் சொட்டு, எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது என்பதில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகள் உண்டு.

முதலில் மருந்து. நேட்டமைசின் 5 சதவீதம் பால்போன்ற கலங்கல். குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. வோரிகொனசோல் 1 சதவீதம் தெளிந்த நீர், உள்ளே நன்றாக ஊடுருவும். அப்படியானால் வோரிகொனசோல்தானே மேல்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2010, 2011 ஆண்டுகளில் 323 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையில் நேட்டமைசின் முந்தியது. கருவிழி ஓட்டை விழுவதும் மாற்று அறுவை தேவைப்படுவதும் வோரிகொனசோல் போட்டவர்களைவிட நேட்டமைசின் போட்டவர்களிடம் ஏறக்குறைய பாதிதான். வித்தியாசம் முக்கியமாக ஃபியூசேரியம் பூஞ்சையில். மற்றப் பூஞ்சைகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. செடி கீறிய கண்ணில் ஃபியூசேரியம் அடிக்கடி வரும் பூஞ்சை என்பதால், வளர்ப்புச் சோதனை முடிவு வரும்வரை என் கை நேட்டமைசினுக்குத்தான் போகும்.

அடுத்தது எத்தனை தடவை என்பது. நேட்டமைசினின் மருந்துக் குறிப்பு ஒரு வழி சொல்கிறது: மணிக்கொரு அல்லது இரண்டு மணிக்கொரு சொட்டு, மூன்று நான்கு நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுத் தடவை, மொத்தம் இரண்டு மூன்று வாரம். மேலே சொன்ன சோதனை வேறு வழியில் போனது: விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டாக ஒரு வாரம், பிறகு இரண்டு மணிக்கொரு தடவையாக மூன்று வாரம் முடியும்வரை, அதற்குமேல் மருத்துவர் பார்த்து முடிவு செய்வது. எனக்கு இரண்டாவதுதான் சரி. ஆழமாக இறங்காத மருந்தை நாலாம் நாளே பாதியாகக் குறைத்தால் புண்ணின் அடியில் இருக்கும் இழைகளுக்கு என்ன போய்ச் சேரும்?

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பதினாறு மணி நேரம் விழித்திருந்தால் நாளைக்குப் பதினாறு சொட்டு, வாரத்துக்கு 112. ஐந்து மில்லி பாட்டிலில் தோராயமாக நூறு சொட்டு. ஆக, ஒரு வாரத்துக்குள் பாட்டில் காலியாக வேண்டும். ஏழாம் நாள் வருகிறவர் கையில் பாட்டில் பாதிக்குமேல் நிறைந்திருந்தால், மருந்து கேட்கவில்லை என்று நான் அவசரப்பட்டு எழுத மாட்டேன். மருந்தை முழுசாகப் போடவேயில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வேறு சொட்டும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது. பலர் தப்பு செய்யும் இடம் இதுதான். மேல்தோல் மூடியதும் வலி போய்விடும். சாயம் ஊற்றிப் பார்த்தால் பச்சை ஒளிர்வும் இருக்காது. ‘புண் ஆறிவிட்டது, சொட்டு எதற்கு’ என்று விட்டுவிடுவார்கள். ஆனால் நேட்டமைசின் உள்ளே போகத் திறந்த வாசல் அந்தப் புண்தான். மேலே மூடியபின் அடியில் இழைகள் மிச்சம் இருந்தால் மருந்து இன்னும் குறைவாகத்தான் சேரும். அதனால்தான் ஆழமான புண்ணில் மருத்துவர் சில சமயம் மேல்தோலைச் சுரண்டிவிட்டு மருந்தைத் தொடர்கிறார்.

நம் சோளத்தோகைக்காரருக்கு இரண்டு வழியையும் பொருத்திப் பார்ப்போம். பத்தாம் நாள் விளிம்பு மழுங்குகிறது, கண்ணுக்குள் தேங்கிய சீழ் குறைகிறது, பதினாறாம் நாள் மேல்தோல் மூடுகிறது. அன்றே நிறுத்தினால், சில நாள் கழித்து மூடிய தோலுக்கு அடியில் வெள்ளை மறுபடி பரவக்கூடும். நிறுத்தாமல் நாளைக்கு ஆறு தடவை, பிறகு நாலு தடவை என்று மெல்லக் குறைத்தால் மொத்தம் ஆறு வாரம் ஆவது சாதாரணம். ஆழமான புண்ணுக்கு அதற்கும் மேல் ஆகும். தெளிவான ஓரமுள்ள தழும்பு மட்டும் மிஞ்சி, அடுத்தடுத்த இரண்டு வருகையிலும் அது மாறாமல் இருந்தால் நிறுத்தலாம்.

நீள வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. நாலாவது வாரம் வெள்ளைத் திட்டு சுருங்கியிருக்கும். ஆனால் கண் சிவந்தபடியே, மேற்பரப்பில் பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்திருக்கும். அது பெரும்பாலும் மருந்தின் எரிச்சல். அதைப் பூஞ்சை என்று நினைத்துச் சொட்டைக் கூட்டினால் தோல் மூடவே மூடாது, அங்கே குறைக்கத்தான் வேண்டும். திட்டு அகலமாகிறது, சீழ் ஏறுகிறது என்றால் கதை வேறு. அப்போது மறுபடி சுரண்டிச் சோதிப்பது, வோரிகொனசோலைச் சேர்ப்பது, அறுவை என்று பேச வேண்டிவரும். சிவப்பைத் தணிக்க என்று வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டை மட்டும் எடுத்துப் போடக் கூடாது. சிவப்பு அடங்கும், அதற்குள் பூஞ்சை ஆழத்துக்கு இறங்கிவிடும்.