4U, 4 யூனிட், அச்சிட்ட தாள்: இன்சுலினை எப்படி எழுதுவது?

எங்கள் வார்டில் இன்சுலினைக் கையால் எழுதுவதை விட்டு, அச்சிட்ட தாளுக்கு மாறிவிட்டோம். அதற்குக் காரணம் நான் முன்பு வேலை பார்த்த, ராயபுரம் பக்கத்து மருத்துவமனையில் நடந்த ஒன்று.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 228. கேஸ் ஷீட்டில் ரெகுலர் இன்சுலின் "4U" என்று எழுதினேன். அவசரத்தில் U-வின் வாய் மூடிக்கொண்டது. சிஸ்டர் அதை 40 என்று படித்து மருந்து நோட்டில் எழுதினார். அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் நோட்டைப் பார்த்து ஊசி போட்டார். இரண்டு மணி நேரத்தில் அம்மா வியர்த்துக் கொட்டிப் பிதற்றினார். குளுக்கோமீட்டரில் 38. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றியதும் தெளிந்தார். ஆனால் இன்சுலின் வேலை ஓயவில்லை. விடியும்வரை டிரிப் ஓட, மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்தோம்.

6U என்பதை 60 என்று படித்திருந்தால் ஊசியே தடுத்திருக்கும். நம்மூர் 40 யூனிட் சிரிஞ்சில் 60 கொள்ளாது, இரண்டாவது சிரிஞ்சை எடுக்கும்போது எந்த சிஸ்டரும் "சார், சரிதானா?" என்று கேட்பார். 40 மட்டும் ஒரே சிரிஞ்சில் சரியாக நிரம்பிவிடும்.

ஆகவே U வேண்டவே வேண்டாம். சர்வதேச யூனிட்டைக் குறிக்கும் IU-வும் அப்படித்தான்: கையெழுத்தில் IV ஆகும், 10 ஆகும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே இரண்டையும் தடைப்பட்டியலில் வைத்துவிட்டது.

"யூனிட்" என்று முழுதாக எழுதுவது நல்லது, செலவும் இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, பத்தாவது நோயாளிக்கு எழுதும்போது கை தானாக U-வுக்குப் போகிறது. என் கையே போயிருக்கிறது.

அச்சிட்ட தாளில் "யூனிட்" ஏற்கெனவே இருக்கும். டாக்டர் எண்ணைப் போட்டு, பக்கத்தில் "நான்கு" என்று எழுத்திலும் எழுதுவார். அதைவிடப் பெரிய லாபம், எதையும் நோட்டில் பெயர்த்து எழுத வேண்டியதில்லை. சர்க்கரை அளவு, டோஸ், ஊசி போட்ட நேரம், சிஸ்டர் கையெழுத்து எல்லாம் ஒரே வரிசையில் வரும். 228-க்கு எதிரே 40 என்றிருந்தால், பக்கத்து வரிகளில் 4, 6 என்று ஓடுவதைப் பார்க்கும் கண் நிற்கும். அன்றைய மருந்து நோட்டில் வெறும் 40 மட்டும்தான் இருந்தது.

கம்ப்யூட்டரில் ஆறு மாதம்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துத் தொல்லை இல்லை. ஆனால் பட்டியலில் ரெகுலருக்கு அடுத்த வரியில் இருந்த 30/70 கலவை இன்சுலினை ஒருமுறை தொட்டுவிட்டேன். அதை வைத்து முழுத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

தாளிலும் ஒரு குறை உண்டு: அது வார்டோடு நின்றுவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் பழையபடி கையெழுத்துதான். வண்ணாரப்பேட்டை மருந்துக்கடையில் மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியை வாங்கி, வீட்டிலிருக்கும், மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சில் 4 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 10 யூனிட். அதனால் சீட்டில் குப்பி எது, சிரிஞ்ச் எது என்று இரண்டையும் எழுதுகிறேன். சிரிஞ்சை அவர்கள் கையில் கொடுத்து, எந்தக் கோடுவரை என்று இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.