இருப்பாய்வு இடிக்கிறதா? இருப்பு முறையா, மொத்த முறையா

இருப்பாய்வை இரண்டு விதமாகப் போடலாம். ஒவ்வொரு கணக்கிலும் கட்டி வந்த இருப்பை மட்டும் எடுத்து எழுதுவது இருப்பு முறை. இருப்பைக் கட்டாமல் பற்றுப் பக்கக் கூட்டுத்தொகை, வரவுப் பக்கக் கூட்டுத்தொகை இரண்டையும் அப்படியே எழுதுவது மொத்த முறை. இருப்பு முறையில் போட்டால்தான் இறுதிக் கணக்கு தயாரிக்க முடியும், அதனால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். ஆனால் இருப்பாய்வு சேராத நாளில் மொத்த முறை சொல்லும் சேதியை இருப்பு முறையால் சொல்ல முடியாது.

கையால் பேரேடு எழுதும் ஒரு இரும்புச் சாமான் கடையின் ஏப்ரல் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விற்பனை, கொள்முதல் இரண்டும் கடனுக்குத்தான். மாத முடிவில் இரண்டு முறையிலும் கிடைப்பது இது:

| கணக்கு | பற்று மொத்தம் | வரவு மொத்தம் | இருப்பு |
|---|---|---|---|
| ரொக்கம் | 1,15,000 | 88,000 | 27,000 பற்று |
| தொடக்கச் சரக்கு | 1,30,000 | – | 1,30,000 பற்று |
| அறைகலன் | 30,000 | – | 30,000 பற்று |
| கடனாளிகள் | 1,88,650 | 96,350 | 92,300 பற்று |
| கொள்முதல் | 90,000 | – | 90,000 பற்று |
| வாடகை | 6,000 | – | 6,000 பற்று |
| கூலி | 12,000 | – | 12,000 பற்று |
| கடனீந்தோர் | 70,000 | 1,50,000 | 80,000 வரவு |
| விற்பனை | – | 1,20,000 | 1,20,000 வரவு |
| முதல் | – | 1,90,000 | 1,90,000 வரவு |
| கூடுதல் | 6,41,650 | 6,44,350 | பற்று 3,87,300; வரவு 3,90,000 |

இருப்பு முறையில் பற்றுப் பக்கம் ₹2,700 குறைகிறது. அதோடு அந்த முறை வாயை மூடிக்கொள்கிறது. பிறகு நாம்தான் யூகிக்க வேண்டும். 2,700 ரூபாய்க்கு ஒரு பற்று பதிவு விட்டுப்போயிருக்கலாம். அதில் பாதியான 1,350 பக்கம் மாறி வரவில் ஏறியிருக்கலாம். 2,700 ஒன்பதால் மீதியின்றி வகுபடுவதால் 7,400 என்பது 4,700 ஆகியிருக்கலாம், 3,000 என்பது 300 ஆகியிருக்கலாம். பாதியாக்கிப் பார்ப்பதும் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கந்தான். ஆனால் இந்தத் தொகை இரண்டு சோதனையிலும் தேறிவிடுகிறது, எதை நம்பித் தேடுவது?

மொத்த முறைக்கு ஒரு துணைக்கணக்கு போட்டால் போதும். தொடக்க இருப்புகளின் பற்றுக் கூடுதல் 2,50,000. அதோடு விற்பனை ஏடு 1,20,000, கொள்முதல் ஏடு 90,000, ரொக்க ஏட்டில் வந்த பணம் 95,000, போன பணம் 88,000 சேர்த்தால் 6,43,000. ஒவ்வொரு நடவடிக்கையும் இரு பக்கமும் ஒருமுறை ஏறியாக வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் இதே தொகை வர வேண்டும். (வங்கிப் பத்தி உள்ள ரொக்க ஏட்டில் எதிர்ப்பதிவுகள் இரு பக்கமும் வரும்; அவற்றை ஒருமுறை மட்டும் சேர்க்க வேண்டும்.)

இப்போது பாருங்கள்: பற்று 1,350 குறைவு, வரவு 1,350 அதிகம். விட்டுப்போன பதிவாக இருந்தால் பற்று மட்டும் 2,700 குறைந்து, வரவு சரியாக 6,43,000 நின்றிருக்கும். எண் புரண்டிருந்தாலும் ஒரு பக்கம் மட்டுமே தவறியிருக்கும். இரண்டு பக்கமும் சம அளவில் எதிரெதிராக நகர்ந்திருப்பதால் 1,350 பக்கம் மாறி ஏறியிருக்கிறது என்பதே முதல் சந்தேகம்.

இடமும் சீக்கிரம் பிடிபடும். கடனாளிகள் பற்றில் தொடக்க இருப்பு 70,000, விற்பனை 1,20,000 சேர்ந்து 1,90,000 இருக்க வேண்டும், 1,88,650தான் இருக்கிறது. விற்பனைக் கணக்கில் மாத மொத்தம் ஒரே வரியில் ஏறுகிறது, வாடிக்கையாளர் கணக்கிலோ பில் பில்லாக ஏறுகிறது. ஒருபக்கப் பிழை இந்தப் பில் பதிவுகளில்தான் அதிகம் நுழையும். வாடிக்கையாளர் கணக்குகளின் வரவுப் பக்கத்தை மட்டும் புரட்டினால், 17ஆம் தேதி ஒருவர் கணக்கில் 1,350க்கு எதிரே "விற்பனை" என்று எழுதியிருக்கிறது. வாடிக்கையாளரின் வரவுப் பக்கத்தில் விற்பனைக்கு வேலையே இல்லை.

திருத்தம் 1,350 அல்ல, 2,700. தவறிய வரவை நீக்க 1,350, போட வேண்டிய பற்றுக்கு 1,350. அதை அவர் கணக்கின் பற்றுப் பக்கத்தில் விவரத்தோடு எழுதினால் போதும். பிழை கிடைக்கும் முன்பே அனாமத்துக் கணக்கில் 2,700 பற்று வைத்திருந்தால், வாடிக்கையாளர் கணக்குக்குப் பற்று, அனாமத்துக்கு வரவு எனக் குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

மொத்த முறைக்கு வேலை கூடுதல் என்பது உண்மை. இருப்பு சுழியான கணக்குகளையும் விடாமல் சேர்க்க வேண்டும். துணை ஏட்டின் கூட்டலே தப்பாக இருந்தால் ஒப்பிடும் 6,43,000மே தப்பாகிவிடும், அதனால் ஏடுகளை முதலில் மறுபடி கூட்ட வேண்டும். இரண்டு பிழைகள் ஒன்றாகக் கலந்தால் படம் இவ்வளவு தெளிவாக இராது. பில்லே விற்பனை ஏட்டில் ஏறாமல் போனால் இரண்டு முறையும் கண்டுகொள்ளாது.

ஆகவே மாதாமாதம் இருப்பு முறையிலேயே போடுங்கள். சேராவிட்டால், பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து டிக் போட்டுச் சரிபார்க்க உட்காரும் முன், மொத்த முறையில் ஒருதரம் போட்டுப் பாருங்கள்.