மலைத் தோட்டத்துக்குத் தரைக்காட்டுக் கணக்கில் பம்ப் விற்கிறார்கள், உஷார்

காந்தல்லூர், வட்டவடை, மறையூர் பக்கம் ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ மோனோபிளாக் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காந்தல்லூரில் என் மாமாவுக்கு உடுமலைப் பக்கத்து மோட்டார் கடை ஒன்று செய்த வேலை இது. கடைப் பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே பேச்சைப் பல கடைகளில் கேட்கலாம்.

மாமா பூண்டும் பீன்ஸும் போடுகிறார். ஓடையோரம் ஒரு குட்டை, அங்கிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்ற வேண்டும். கடைக்காரரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: ஊர் உயரம் 1500 மீட்டர், மழைக்குப் பிறகு தண்ணீர் பம்புக்கு 2 மீட்டர் கீழே நிற்கும், கோடையில் நாலரை மீட்டருக்கு இறங்கிவிடும், சக்‌ஷன் பைப் 12 மீட்டர் ஓட வேண்டும். கடைக்காரர் கொடுத்தது 5 எச்.பி. பம்ப், விநாடிக்கு 8 லிட்டர். "பம்ப் ஏழு மீட்டர் இழுக்கும் அண்ணே, நாலரை எல்லாம் ஒண்ணுமே இல்ல. பம்ப் வாய் இரண்டரை இஞ்ச், பைப்பும் இரண்டரையே போதும், எதுக்கு வீண் செலவு" என்று சொல்லி ஆளை அனுப்பி மாட்டியும் கொடுத்தார். டிசம்பரில் மாட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது.

மார்ச்சில் சத்தம் ஆரம்பித்தது. தகர டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி, பம்பின் சக்‌ஷன் பக்கமிருந்து. தண்ணீரும் குறைந்தது. கடையின் மெக்கானிக் வந்து பேரிங் போய்விட்டது என்று மாற்றினார், சத்தம் போகவில்லை. அப்புறம் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது, "உங்க தண்ணியில மணல்" என்று புதுசு போட்டார், அதற்குத் தனி பில். அதுவும் அடுத்த நனைப்புக்குள் அரிக்கத் தொடங்கிவிட்டது. கடைசியாக 7.5 எச்.பி.க்கு மாற்றிவிடலாம், பழையதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் மாமா என்னைக் கூப்பிட்டார். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பம்ப் பராமரிப்பு பார்க்கிறேன்.

கழற்றிய இம்பெல்லரைப் பார்த்ததுமே மணல் இல்லை என்று தெரிந்தது. மணல் தேய்த்தால் வேன்கள் வழவழவென்று மெலிந்திருக்கும், தண்ணீர் வெளியேறும் ஓரத்தில்தான் அதிகமாகத் தேயும். இதில் ஓரமெல்லாம் வார்ப்பு அப்படியே இருக்கிறது. தண்ணீர் நுழையும் கண்ணுக்குப் பக்கத்தில், வேனின் ஆரம்பத்தில் மட்டும், விரல் வைத்தால் குத்துகிற மாதிரி சின்னச் சின்னக் குழிகள். இது கேவிடேஷன். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை ஏற்றத்திலும் பைப் உராய்விலும் செலவழித்துவிட்டால் இம்பெல்லர் கண்ணில் எதுவும் மிஞ்சாது, அங்கே குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழாகிறது. குமிழ்கள் வேன் மேல் உள்ளே போய், அழுத்தம் ஏறியதும் சட்டென்று நசுங்கி இரும்பைக் கொத்துகின்றன. சத்தம் அதுதான்.

காற்று கசிகிறதா என்ற சந்தேகமும் வரும். அதைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அறிகுறி கொஞ்சம் ஒத்துப்போகும். ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை தடவி பம்பை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் உள்ளே இழுக்கவில்லை, டெலிவரித் தண்ணீரிலும் காற்றுக்குமிழ் இல்லை. அடுத்து டெலிவரி கேட் வால்வை மெதுவாகப் பாதி மூடினேன். சத்தம் அடங்கிவிட்டது. ஓட்டம் குறைந்தால் பைப் உராய்வும் குறைகிறது, பம்புக்கு வேண்டிய அழுத்தமும் குறைகிறது, அதனால்தான் அடங்குகிறது. பேரிங் சத்தமாக இருந்தால் வால்வுக்காக அப்படி நிற்காது. (தவறிக்கூட சக்‌ஷன் பக்கம் வால்வை மூடிப் பார்க்காதீர்கள், அது இன்னும் மோசமாக்கும்.)

இனி கணக்கு. இதைத்தான் கடைக்காரர் விற்பதற்கு முன் போட்டிருக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம், 1500 மீட்டர் உயரத்தில் சுமார் 8.6தான். தண்ணீர் ஆவியாகும் அழுத்தத்துக்கு, 20 டிகிரியில், கால் மீட்டர் கழியுங்கள். கோடை ஏற்றம் 4.5. விநாடிக்கு 8 லிட்டர் இரண்டரை இஞ்ச் பைப்பில் போனால் 12 மீட்டருக்கு உராய்வு சுமார் 1.1, ஃபுட் வால்வும் பெண்டுகளும் சேர்ந்து இன்னொரு 1. ஆக 8.6 − 0.25 − 4.5 − 2.1 = 1.75 மீட்டர். இதுதான் பம்ப் வாயில் இருக்கும் என்.பி.எஸ்.எச். அந்தப் பம்புக்குத் தேவைப்படுவது, கம்பெனி வரைபடத்தில், 8 லிட்டருக்கு 3 மீட்டர். இருப்பு 1.75, தேவை 3. ஓடாது.

டிசம்பரில் எப்படி ஓடியது? ஏற்றம் அப்போது 2 மீட்டர், இருப்பு 4.25, தேவைக்கு மேலேயே. கடைக்காரர் தரைக்காட்டில் இதே பம்பை மாட்டிக் குறையில்லாமல் ஓட்டியிருப்பார், அதை நம்புகிறேன். உடுமலையில் காற்றழுத்தம் 9.9 மீட்டருக்குப் பக்கம், இதே ஏற்றம் இதே பைப் என்றாலும் இருப்பு 3ஐ ஒட்டி வந்துவிடும், தப்பித்துக்கொள்ளும். ஆனால் மாமா ஊர் உயரத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் "ஏழு மீட்டர் இழுக்கும்" என்றது மன்னிக்கக்கூடியது இல்லை.

7.5 எச்.பி. யோசனை இன்னும் கொடுமை. ஓட்டம் 10 லிட்டராக ஏறினால் அதே பைப்பில் இழப்பு 2.1லிருந்து 3.2 ஆகும், இருப்பு அரை மீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடும். தேவையோ ஓட்டத்தோடு கூடும். பெரிய பம்ப் வாங்கியிருந்தால் இம்பெல்லர் இன்னும் சீக்கிரம் போயிருக்கும், அதற்கும் மணல் என்று பில் வந்திருக்கும்.

நாங்கள் செய்தது பம்பை மாற்றாமல்தான். சக்‌ஷனை நாலு இஞ்ச் ஆக்கினோம், ஃபுட் வால்வும் நாலு. இழப்பு மொத்தமும் 0.3 மீட்டருக்கு வந்துவிட்டது, இருப்பு 3.55. அது போதாது. வரைபடத்தில் போடும் தேவை என்பது கேவிடேஷனால் ஹெட் ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்துவிட்ட இடம், அதாவது கொதிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும், அதனால் ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். கரையை வெட்டிப் பம்பை ஒரு மீட்டர் கீழே இறக்கினோம், இருப்பு 4.55. நாலு இஞ்சிலிருந்து பம்ப் வாய்க்குக் குறைக்கும் ரெடியூசர், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் வகையாக, தட்டைப் பக்கம் மேலே பார்க்க மாட்டினோம். இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும் சாதா ரெடியூசர் போட்டால் மேல் மூலையில் காற்று தங்கும். மே மாதம் தண்ணீர் அடிமட்டத்தில் நின்றபோதும் சத்தமில்லாமல் ஓடியது.

கடைக்காரர் பேரிங், இம்பெல்லர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், அதனால் மாமா இடுக்கி ஆணையத்துக்குப் போகிறார். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். புதுசாக வாங்கப்போகிறவர்கள் ஊர் உயரம், கோடை நீர்மட்டம், சக்‌ஷன் பைப் நீளம் மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள், தேவைப்படும் என்.பி.எஸ்.எச். வரைபடத்தையும் அதோடு கேட்டு வாங்குங்கள். மாமா கையில் இப்போது வெறும் பில் மட்டும்தான் இருக்கிறது, உயரத்தைச் சொன்னதற்குச் சாட்சி கூட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர்தான்.